வகுப்பில் சத்தம் போட்ட பையன் எழுதிய கடிதம்

1965-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஜப்பானின் டோமோனாகா, அமெரிக்காவின் ஜூலியன் ஷ்விங்கர், இன்னொரு அமெரிக்கரான ரிச்சர்ட் ஃபெய்ன்மன். அறிவிப்பு வந்த பிறகு ஃபெய்ன்மனுக்கு வாழ்த்துக் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று, நியூயார்க் நகரின் ஃபார் ராக்கவே உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆப்ரம் பேடர் எழுதியது. ஃபெய்ன்மன் பள்ளியை விட்டு வெளியேறியது 1935-இல். முப்பது வருட இடைவெளிக்குப் பிறகு வந்த அந்த வாழ்த்துக்கு அவர் எழுதிய பதில், நன்றிக் கடிதம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம். ஃபெய்ன்மன் மறைந்து பல வருடங்கள் கழித்து, 2005-இல், அவருடைய மகள் மிஷெல் தொகுத்து வெளியிட்ட கடிதங்களில் அதுவும் இருக்கிறது.

கடிதம் நீளமானதல்ல. பரிசில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று ஆசிரியரிடம் சொல்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அது வழக்கமான பணிவுதான். ஆனால் அவர் ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பேடர் அவரைக் கூப்பிட்டு, நீ வகுப்பில் ரொம்பச் சத்தம் போடுகிறாய் என்றாராம். காரணமும் எனக்குத் தெரியும், இந்த வகுப்பு உனக்கு அலுப்பாக இருக்கிறது என்றாராம். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, பின்வரிசை மூலையில் தனியாக உட்கார்ந்து இதைப் படி, இதில் இருப்பது எல்லாம் தெரிந்த பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

கடிதத்தின் அடுத்த பகுதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தப் புத்தகத்தின் பெயரையும், அதிலிருந்து தான் கற்றுக்கொண்டவற்றையும் ஃபெய்ன்மன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். காமா சார்புகள், நீள்வட்டச் சார்புகள், தொகைக்குறிக்கு உள்ளேயே வகையிடும் உத்தி. இதில் மூன்றாவதில் தான் பெரிய கைகாரன் ஆகிவிட்டதாகவும் சொல்கிறார். இந்த மூன்று பெயர்களும் வெளியாளுக்கு ஒன்றும் சொல்லாது. ஆனால் படிக்கப்போகிறவர் ஒரு இயற்பியல் ஆசிரியர். தான் கொடுத்த புத்தகத்தில் எந்தப் பக்கம் பலித்தது என்று அவருக்கு அந்த நொடியே புரிந்திருக்கும்.

புத்தகம் ஃபிரெடெரிக் வுட்ஸ் எழுதிய 'அட்வான்ஸ்டு கால்குலஸ்'. எம்.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் கல்லூரி மாணவர்களுக்காக எழுதிய கணிதப் பாடநூல். பள்ளிப் பையனுக்கு இது அதிகம்தான். ஆனால் ஃபெய்ன்மன் அதற்கு முன்பே தொடக்கநிலை நுண்கணிதத்தை ஒரு நூலகப் புத்தகத்திலிருந்து தானாகவே கற்று, நோட்டில் எழுதி வைத்திருந்தவர். ஆகவே பேடர் கொடுத்தது அவர் எட்டிப் பிடிக்கக்கூடிய அடுத்த படி. அதே புத்தகத்தை அலுத்துப்போன எந்தப் பையனிடம் கொடுத்தாலும் இது நடந்திருக்கும் என்று எண்ணுவது தவறு. மாணவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தவரால்தான் அடுத்த படியைக் காட்ட முடியும்.

அந்த உத்தி என்ன என்று பார்த்துவிடலாம். பிளஸ் டூ கணக்கு நினைவிருப்பவர்களுக்கு இது எட்டும். கீழே உள்ள தொகையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

∫₀¹ (x² − 1) / ln x dx

பாடப்புத்தகத்தில் சொல்லித்தரும் பிரதியிடல், பகுதித் தொகையிடல் இரண்டும் இங்கே கைகொடுப்பதில்லை. கீழே உட்கார்ந்திருக்கும் மடக்கைதான் (ln x) முட்டுக்கட்டை. இப்போது அடுக்கில் இருக்கும் 2-ஐ எடுத்துவிட்டு, a என்ற எழுத்தைப் போடுவோம். அப்போது விடை ஓர் எண்ணாக இல்லாமல், a மாறும்போது மாறுகிற ஒன்றாகிவிடும். அதை I(a) என்போம். I(a) எவ்வளவு என்று நேராகக் கேட்காமல், a கொஞ்சம் மாறினால் I(a) எவ்வளவு மாறும் என்று கேட்பதுதான் உத்தி. அதாவது தொகைக்குறிக்கு உள்ளே புகுந்து a-வைப் பொறுத்து வகையிட வேண்டும். xᵃ-ஐ a-வைப் பொறுத்து வகையிட்டால் xᵃ ln x கிடைக்கும். மேலே வந்த ln x கீழே இருந்த ln x-ஐ அடித்துவிடும். முட்டுக்கட்டை போயிற்று. மிச்சம் இருப்பது 0 முதல் 1 வரை xᵃ-இன் தொகை. அது 1/(a+1) என்பது பள்ளிக்கணக்கு.

இனி வந்த வழியே திரும்ப வேண்டும். மாறும் வேகம் 1/(a+1) என்றால் I(a) = ln(a+1). a பூச்சியமாக இருக்கும்போது மேலே 1 − 1 என்று ஆகி I(a)-வும் பூச்சியமாகிறது. ஆகவே கூடுதலாக எந்த மாறிலியும் சேர்க்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது a = 2. விடை ln 3, ஏறத்தாழ 1.0986.

சரிதானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. x பூச்சியத்தை நெருங்கும்போது தொகைக்குள் இருக்கும் கோவையின் மதிப்பு 0-ஐ நெருங்குகிறது; x = 0.5 என்றால் 1.08, x ஒன்றை நெருங்கும்போது 2-ஐ நெருங்குகிறது. 0-இலிருந்து 2 வரை ஏறுகிற கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு 1-ஐ ஒட்டித்தான் இருக்க முடியும், 1.0986 பொருந்துகிறது. இந்த உத்தி எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். a-வை −1 வரை கொண்டுபோனால் தொகை முடிவிலிக்கு ஓடிவிடும். எழுத்தைத் தவறான இடத்தில் புகுத்தினாலோ கணக்கு இன்னும் சிக்கலாகும். எங்கே புகுத்தினால் முட்டுக்கட்டை விலகும் என்பதைப் பலமுறை போட்டுப் பார்த்துத்தான் பழக வேண்டும். பின்வரிசை மூலையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

பிற்காலத்தில் எம்.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் நண்பர்கள் தொகையிட முடியாத கணக்குகளை அவரிடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் தங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட எல்லா முறைகளையும் போட்டுப் பார்த்துத் தோற்ற பிறகு வந்தவர்கள். ஃபெய்ன்மனிடம் இருந்ததோ அந்த முறைகளில் சேராத கருவி. அணுகுண்டுத் திட்டத்தின் ஆரம்ப நாட்களில் சிகாகோ போனபோது, அங்கிருந்த குழு மூன்று மாதமாக மல்லுக்கட்டிய ஒரு கணக்குக்கு இந்த உத்தியைச் சொல்ல, அது அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். தான் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன் என்று அவர் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. தன் கருவிப்பெட்டி மற்றவர்களுடையதிலிருந்து வேறாக இருந்தது என்றுதான் சொன்னார்.

இது பேடர் கொடுத்தவற்றில் ஒரு பாதிதான். இன்னொரு பாதியை ஃபெய்ன்மன் தன் கல்லூரி வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். 1961 முதல் 1963 வரை கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கு அவர் நடத்திய வகுப்புகள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. இரண்டாம் தொகுதியின் 19-ஆம் அத்தியாயம் பாடத்திட்டத்துக்கு வெளியே, மாணவர்களின் மகிழ்ச்சிக்காக நடத்திய ஒரு சிறப்பு வகுப்பு. அங்கே பேடர் சொன்னதாக வருவதும் இதே பேச்சுதான். உனக்கு அலுப்பாக இருக்கிறது போலிருக்கிறதே, சுவாரசியமான ஒன்றைச் சொல்கிறேன், கேள். அப்படிச் சொல்லிவிட்டு அவர் விளக்கியது மீச்சிறு செயல் தத்துவம். அன்று கேட்டதிலிருந்து இன்றுவரை அதன் மீதான ஈர்ப்பு தனக்குக் குறையவில்லை என்கிறார் ஃபெய்ன்மன்.

அதை ஒரு பந்தை வைத்தே விளக்கலாம். ஒரு கிலோ எடையுள்ள பந்தை நேர் மேலே எறிகிறோம். சரியாக 2 வினாடியில் அது கைக்குத் திரும்ப வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தை வசதிக்காக 10 என்று வைத்துக்கொள்வோம். பந்து 5 மீட்டர் உயரம் போய், வேகம் குறைந்து, நின்று, திரும்பி வரும். வழக்கமாக இதை நொடிக்கு நொடி விசையைக் கணக்கிட்டுச் சொல்வோம். பேடர் சொன்ன வழி வேறு. பந்து போகக்கூடிய பாதைகளை எல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும், ஒவ்வொரு கணத்திலும், இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, புறப்பட்டதிலிருந்து திரும்பியது வரை கூட்ட வேண்டும். வருகிற எண்ணுக்குச் செயல் என்று பெயர். எந்தப் பாதையில் அது மிகக் குறைவோ, அந்தப் பாதையில்தான் பந்து உண்மையில் போகும்.

போட்டுப் பார்ப்போம். பந்து கையிலேயே இரண்டு வினாடி சும்மா இருந்துவிடுகிறது என்றால் இரண்டு ஆற்றலும் பூச்சியம், செயலும் பூச்சியம். சீரான வேகத்தில் 5 மீட்டர் ஏறி அதே வேகத்தில் இறங்குகிறது என்றால், இயக்க ஆற்றலின் கூட்டு 25, நிலை ஆற்றலின் கூட்டு 50, செயல் −25. வழக்கமான வளைவிலேயே, ஆனால் 10 மீட்டர் உயரத்துக்குப் போய்வருகிறது என்றால் இரண்டு கூட்டும் 133 ஆகி, செயல் மறுபடி பூச்சியம். உண்மைப் பாதைக்கு இயக்க ஆற்றல் 33.3, நிலை ஆற்றல் 66.7. செயல் −33.3. நீங்கள் வேறு எந்தப் பாதையை வரைந்து பார்த்தாலும் இதைவிடக் கீழே போகாது. உயரமாக இருந்தால் நிலை ஆற்றல் கூடி செயல் குறையும். ஆனால் ரொம்ப உயரம் போக வேண்டுமானால் வேகம் வேண்டும், இயக்க ஆற்றல் ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே பந்து கண்டுபிடிக்கும் சமரசம்தான் நாம் பார்க்கும் வளைவு. (எல்லாச் சூழலிலும் அது மீச்சிறு மதிப்பாகவே இருக்கும் என்பதில்லை. பாதையைச் சற்றே மாற்றினாலும் செயல் மாறாத இடம் என்பதே துல்லியமான விதி. ஃபெய்ன்மனும் இதை அந்த வகுப்பில் சொல்கிறார்.)

இதைக் கேட்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். பந்துக்கு எப்படித் தெரியும்? கிளம்பும்போதே எல்லாப் பாதைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தா அது புறப்படுகிறது? பள்ளி மாணவன் மனதில் விழுந்து கிடந்தது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அது உடனே முளைத்துவிடவில்லை. எம்.ஐ.டி.யில் இயக்கவியல் வகுப்பில் இந்த அணுகுமுறையிலிருந்து பிறந்த லக்ராஞ்சு முறையைச் சொல்லித்தந்தபோது, ஃபெய்ன்மன் பிடிவாதமாக அதைப் பயன்படுத்த மறுத்து, விசைகளை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார். ஆசிரியரின் சொல் மாணவனின் வாழ்க்கையை மாற்றிய கதைகளை நாம் நேர்கோடாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தக் கதை அப்படி நடக்கவில்லை.

திரும்பி வந்தது பிரின்ஸ்டனில். ஜான் வீலரிடம் ஆய்வு மாணவராக இருந்தபோது, குவாண்டம் இயற்பியலைச் செயலிலிருந்து தொடங்கி எழுத முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தார். ஊரில் உள்ள நாஸா டேவர்ன் என்ற மதுக்கடையில் ஒரு விருந்து. ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த ஹெர்பர்ட் ஜேலி என்ற இயற்பியலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இதைக் கேட்க, டிராக் அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாரே என்றார் ஜேலி. மறுநாள் இருவரும் நூலகத்தில் அந்தக் கட்டுரையைப் புரட்டினார்கள். ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்கு நிலை மாறுவதற்கும் செயலுக்கும் ஒப்புமை இருக்கிறது என்று டிராக் 1933-இல் எழுதியிருந்தார். ஒப்புமை என்றால் என்ன அர்த்தம், சமம் என்று வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஃபெய்ன்மன் அங்கேயே கணக்குப் போட்டார். விகிதச் சமம் என்று கொண்டால் ஷ்ரோடிங்கர் சமன்பாடே வந்து நின்றது. நோபல் உரையில் அவரே விரிவாகச் சொல்லியிருக்கும் சம்பவம் இது. 1942-இல் அவர் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பு, குவாண்டம் இயக்கவியலில் மீச்சிறு செயல் தத்துவம்.

அந்த ஆய்வில்தான் பந்து எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. பந்து எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாப் பாதைகளும் கணக்கில் சேர்கின்றன. ஒவ்வொரு பாதைக்கும் கடிகார முள் போல ஒரு சிறு அம்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையின் செயல் எவ்வளவோ அதற்கேற்ப முள் சுற்றி நிற்கும். கடைசியில் எல்லா முட்களையும் ஒன்றன் முனையில் ஒன்றாக வைத்துக் கூட்ட வேண்டும். பந்து போன்ற பெரிய பொருளுக்கு, பாதை மயிரிழை மாறினாலும் முள் கோடானுகோடி முறை சுற்றிவிடும். அதனால் அக்கம்பக்கத்துப் பாதைகளின் முட்கள் நாலா திசையிலும் நின்று ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும், அதாவது பாதையைச் சற்று மாற்றினாலும் செயல் மாறாத அந்த இடத்தில், முட்கள் ஒரே திசையில் நின்று கூடுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் பாதை அதுதான். எலெக்ட்ரான் போன்ற சிறிய பொருளுக்கு முள் அவ்வளவு வேகமாகச் சுற்றாது. மற்றப் பாதைகளும் முழுதாக அழியாமல் மிஞ்சும். குவாண்டம் உலகின் விசித்திரங்கள் அங்கிருந்து வருகின்றன.

இந்த முறை 1948-இல் விரிவான கட்டுரையாக வெளிவந்தது. ஒளிக்கும் எலெக்ட்ரானுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைக் கணக்கிட இதே சிந்தனையிலிருந்து அவர் வளர்த்தெடுத்த வழிக்குத்தான் 1965-இல் நோபல் கிடைத்தது.

இனி மறுபடி கடிதத்துக்கு வருவோம். பேடர் அந்தப் பையனிடம் சொன்னது மொத்தம் நாலைந்து வாக்கியம் இருக்கும். அவற்றில் நீ பெரிய ஆளாக வருவாய் என்ற வாழ்த்தோ, உன்னால் முடியும் என்ற ஊக்கமோ இல்லை. சத்தத்துக்குக் காரணம் திமிர் இல்லை, அலுப்பு என்று சரியாகக் கணித்தார். கணித்ததோடு விடாமல், அந்த அலுப்புக்கு ஏற்ற தீனியையும் கையில் கொடுத்தார். ஓர் ஆசிரியரிடம் இந்த இரண்டும் சேர்ந்திருப்பது அரிது. அலுத்துப்போன மாணவனை அடையாளம் காணும் ஆசிரியர்கள் நிறைய உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்து எடுத்துக்கொடுக்க மேசையில் புத்தகம் இருப்பதில்லை.

ஆசிரியருக்கு இன்னொரு குறையும் உண்டு. தான் சொன்னவற்றில் எது தங்கியது, எது காற்றோடு போயிற்று என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பேடருக்கு அந்தப் பையன் நோபல் வாங்கியது செய்தித்தாளிலேயே தெரிந்திருக்கும். புத்தகத்தின் எந்த அத்தியாயம் அவனுக்கு ஆயுசு முழுக்க உதவியது என்பதை எந்தச் செய்தித்தாளும் சொல்லாது. அந்தத் தகவல் உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது. அவர் அதை எழுதி அனுப்பினார்.

நம் ஊர்ப் பள்ளிகளின் பணிநிறைவு விழாக்களில் வாசிக்கப்படும் வாழ்த்துமடல்களைக் கேட்டிருப்பீர்கள். ஏணி, தோணி, மெழுகுவத்தி என்று எல்லாம் வரும். பெயரை மாற்றினால் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அன்போடு எழுதப்படுபவைதான். ஆனால் சட்டம் போட்டு மாட்டிய அந்த மடலில், முப்பது வருடத்தில் தான் எந்த மாணவனுக்கு என்ன செய்தோம் என்று அந்த ஆசிரியருக்குச் சொல்லும் வரி ஒன்றுகூட இருக்காது. நீங்கள் ஓர் ஆசிரியருக்கு எழுத நினைத்தால், அவர் சொன்ன வாக்கியத்தை நினைவிருக்கும்படியே எழுதுங்கள். எந்தப் பாடம், எந்தச் சூழல், அதை வைத்து நீங்கள் பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கணக்கோ, தையலோ, மருத்துவமோ, உங்கள் தொழிலின் பெயர்ச்சொற்களையே போடுங்கள். பக்கம் நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை. அவர் முகவரி கிடைக்கும் காலத்திலேயே எழுதிவிடுங்கள்.

பேடர் பந்தை வைத்து விளக்கியது எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஃபெய்ன்மனின் மூன்று தொகுதிகளையும் கால்டெக் நிறுவனம் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. இரண்டாம் தொகுதியின் 19-ஆம் அத்தியாயத்தைத் திறந்தால், முதல் வாக்கியத்திலேயே ஆசிரியரின் பெயர் இருக்கும்.